பெண்கள் கழிவறைச் சுவருக்கு ஆறு வரி வேணும்: நோட்டீஸ் மாதிரி இல்லாம

அணைக்கட்டு_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். அணைக்கட்டு பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில அறிவியல் எடுக்கிறேன். ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் சுமார் 140 பெண் பிள்ளைங்க. பெண்கள் கழிவறையைப் புதுசா கட்டி முடிச்சாச்சு, நாலு அறை. சனிக்கிழமை சுவர்ல எழுத பெயிண்டர் வர்றார். மாதவிடாய் சுகாதாரம் பத்தி ஆறு வரி எழுதிக் கொடுங்கன்னு எச்.எம். என் தலையில கட்டிட்டார். நான் எழுதினது இது:

1. மாதவிடாய் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல.
2. மாதவிடாய்க் காலத்தில் சுத்தமாக இருப்போம், நோயின்றி வாழ்வோம்.
3. நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை நாப்கினை மாற்றவும்.
4. பயன்படுத்திய நாப்கினைக் கழிவறையில் போடாதீர்.
5. துணி பயன்படுத்துவோர் வெயிலில் உலர்த்தவும்.
6. சந்தேகம் இருந்தால் ஆசிரியையை அணுகவும்.

திரும்பப் படிச்சா எனக்கே ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கு. விஷயத்தை மறைக்காமலும் சொல்லணும், படிக்கிற பிள்ளை கூசாமலும் இருக்கணும். யாராவது திருத்திக் கொடுங்க.

குடியாத்தம்_கவி

டீச்சர், எதுகை மோனை இல்லாததுதான் குறை. இப்படிப் போடுங்க:

"துணிந்து சொல் தோழி, துணியைத் துணிந்து காயவை!"
"நாப்கினை நாளும் மாற்று, நலமே உன் நாளை!"
"மாற்றாமல் விட்டால் புற்றுநோய், மறவாதே மகளே!"

மூணாவதுல கொஞ்சம் பயம் இருந்தாத்தான் பிள்ளைங்க கேப்பாங்க.

பாலாற்று_நர்ஸம்மா

கிராம சுகாதார செவிலியரா முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ஓய்வு பெற்றவ. ஒடுகத்தூர் பக்கமும், ஜவ்வாது மலை அடிவாரத்துலயும் கால் தேய நடந்திருக்கேன்.

கவி தம்பி, அந்த மூணாவது வரியை முதல்ல எடுத்துடுங்க. பேடை நாள் முழுக்க மாத்தாம வெச்சா தொடை இடுக்குல தோல் உரியும், அரிக்கும், நாத்தம் வரும். சில பிள்ளைக்கு வெள்ளைப்படுதலும் எரிச்சலும் சேர்ந்துக்கும். அதுவே போதுமான தொல்லை. கேன்சர் வரும்னு எழுதினா அது பொய். ஒரு பிள்ளை அன்னிக்கு பேட் இல்லாம ஒரே பேடோட இருந்துட்டு வீட்டுக்குப் போய் ராத்திரி தூங்காது. அப்படி அழுதுக்கிட்டு என்கிட்ட வந்த பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன்.

டீச்சர், உங்க முதல் வரிக்கு வர்றேன். "வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல"ன்னு எழுதினதும் வெட்கம்ங்கிற வார்த்தைதான் சுவர்ல பெரிசா நிக்கும். ஆறாவது படிக்கிற பத்து வயசுப் பிள்ளைக்கு அது வரைக்கும் வெட்கமே தோணியிருக்காது. ஓ, இதுல வெட்கப்படறதுக்கு என்னமோ இருக்குன்னு நாமளே சொல்லிக் கொடுத்த மாதிரி. பசிக்கு வெட்கப்படாதேன்னு யாராவது சத்துணவுக் கூடத்துல எழுதி வெப்பாங்களா?

ரெண்டாவது வரியும் அதே கதைதான். "சுத்தமாக இருப்போம்"னா இப்போ அசுத்தமா இருக்கோம்னு ஆயிடுது. நம்ம பக்கம் ஏற்கெனவே தீட்டு, தூரம், கெட்ட ரத்தம்னு சொல்லி வளர்க்கறாங்க. சுவர்ல சுத்தம்னு எழுதினா பிள்ளை அதையும் தீட்டுக் கணக்குலதான் சேர்க்கும். அது என்னன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுங்க. நான் வகுப்பு எடுக்கும்போது சொல்றது இது:

"கர்ப்பப்பையின் உள்பூச்சு மாதம் ஒரு முறை உதிர்ந்து, ரத்தத்தோடு வெளியே வரும். அதுதான் பீரியட்ஸ்."

வெட்கமும் கிடையாது, பெருமையும் கிடையாது. மழை பெய்யும்னு சொல்ற மாதிரி.

அணைக்கட்டு_டீச்சர்

நர்ஸம்மா, இது பிடிச்சிருக்கு. ஆனா "பீரியட்ஸ்"னு சுவர்ல எழுதலாமா? பாடப் புத்தகத்துல மாதவிடாய்னுதான் இருக்கு. தமிழ் ஐயா ஒத்துக்க மாட்டார்.

காட்பாடி_கல்லூரிக்காரி

நானும் இந்த மாவட்டத்துல அரசுப் பள்ளியில படிச்சவதான். ஆறாவது படிக்கும்போது "மாதவிலக்கு"ன்னு ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. எனக்கு அது மதுவிலக்கு மாதிரி ஏதோ சட்டம்னு தோணுச்சு. நிஜமா. எங்க வீட்ல அதுக்குப் பேரு "தலைக்கு ஊத்திக்கிறது", ஆயா "தூரம்"னு சொல்லும், பிள்ளைங்களுக்குள்ள "டேட்". ஏழாவதுல எனக்கே வந்தப்புறம்கூட அந்த போஸ்டர் இதைப் பத்திதான்னு தெரியாது.

தமிழ்_ஐயா_இல்லை

விலக்குன்னா ஒதுக்கி வைக்கிறது. அந்தச் சொல்லை விடறது சரிதான். விடாய்ங்கிறதுக்கு களைப்பு, தாகம்னு பொருள் உண்டு. மாதவிடாய்ல அந்தக் களைப்பு இருக்கு, ஒதுக்கல் கிடையாது. அழகான சொல். ஆங்கிலச் சொல்லை எதுக்குச் சுவர்ல ஏத்தணும்? பிள்ளைக்குத் தெரியலைன்னா தெரிய வைக்கிறதுதானே பள்ளிக்கூடம்?

பாலாற்று_நர்ஸம்மா

ஐயா, நீங்க சொல்றது நியாயம். மேலே தலைப்பா மாதவிடாய்னு போட்டு, கீழே வரிக்குள்ள பீரியட்ஸ்னு போட்டா ரெண்டும் ஒண்ணுன்னு பிள்ளை தானா கத்துக்கும். வயிறு வலிச்சு உக்காந்திருக்கிற நேரத்துல அகராதி தேடாது.

தமிழ்_ஐயா_இல்லை

நான் ஒத்துக்கலை. ஆனா சுவர் உங்களுது.

சுவர்எழுத்து_மணி

நான் பெயிண்டரு. இருபத்தஞ்சு வருசமா இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, கட்சி சுவரு எல்லாம் எழுதிக்கினு இருக்கேன். நீங்க எல்லாம் இன்னா எழுதறதுன்னு பேசறீங்க, எங்க எழுதறதுன்னு யாரும் கேக்கல. அதைச் சொல்லிட்டுப் போறேன்.

கழிவறை வெளிச்சுவர்ல எழுதினா பத்தடி தள்ளி இருந்து படிக்கணும். அதுக்கு எழுத்து ஒரு இஞ்ச் ஒசரமாவது வேணும். தமிழ்ல ண, ழ, ஞ எல்லாம் சுழி நெறைய, ஒண்ணரை இஞ்ச்னா நிம்மதி. அந்த அளவுல டீச்சரோட ஆறு வரியும் சுவரு கொள்ளாது. உள்ள, கதவுக்குப் பின்னால எழுதினா மூணடிதான் தூரம், முக்கா இஞ்ச் போதும். ஆனா இப்பல்லாம் கதவு பிளாஸ்டிக். அதுல எனாமல் நிக்காது, நகத்தால சொரண்டினா உரிஞ்சு வந்துடும். டைல்ஸ்லயும் அப்படித்தான். உள்ள வேணும்னா ஸ்டிக்கர்தான் போடணும்.

இன்னொண்ணு. இந்தியன் கக்கூஸ்னா பிள்ளை குந்திக்கினு இருக்கும். கண்ணு தரைக்கு மேல ரெண்டரை அடியிலதான் இருக்கும். எல்லாரும் நிக்கற ஆளு கண்ணு மட்டத்துல ஒட்டிட்டுப் போயிடறாங்க, குந்தியிருக்கிற பிள்ளை அண்ணாந்து படிக்கணும். ரெண்டரை அடியில ஒட்டுங்க. தண்ணி தெறிக்கும், அதனால மேல லேமினேசன் போட்டு, ஓரத்தை நல்லா அழுத்தி ஒட்டணும். ஓரம் தூக்கினா பிள்ளைங்க கை சும்மா இருக்காது, உரிச்சுடும்.

அணைக்கட்டு_டீச்சர்

மணி அண்ணே, இந்தக் குந்துற கணக்கு எனக்குத் தோணவே இல்லை. நாலு கதவுலயும் ஒரே ஸ்டிக்கரா, வேற வேறயா?

சுவர்எழுத்து_மணி

வேற வேற. ஒரு கதவுக்கு ஒரு விசயம். ஒரே பிள்ளை நாலு அறைக்கும் எப்பவாவது போகும்.

பேரணாம்பட்டு_அம்மா

வணக்கம். நான் ஷூ கம்பெனியில வேலை செய்யறேன். டீச்சர் கேட்டது வேற, தெரியும், ஆனா நர்ஸம்மா இங்க இருக்கறதால கேக்கறேன். என் பொண்ணு ஒன்பதாவது. உக்காந்து ஒண்ணரை வருசம் ஆச்சு. ஒவ்வொரு வாட்டியும் பத்து நாள் போகுது. முதல் மூணு நாள் ஒரு மணி நேரத்துல பேட் நனைஞ்சிடுது, கட்டி கட்டியா போகுது. ஸ்கூலுக்கு ரெண்டு பேட் சேர்த்து வெச்சு அனுப்பறேன். எங்க மாமியார் உடம்பு சூடு, வெந்தயம் ஊறப் போட்டுக் குடுன்னு சொல்றாங்க. நல்லா சுத்தமாதான் வெச்சுக்கறா. என்ன தப்பு பண்றோம்?

பாலாற்று_நர்ஸம்மா

அம்மா, நீங்களும் தப்பு பண்ணலை, அவளும் தப்பு பண்ணலை. இது சுத்தம் சம்பந்தப்பட்டதே இல்லை. வயசுக்கு வந்த முதல் ரெண்டு வருஷம் தேதி முன்னே பின்னே ஆகறது சகஜம், நாப்பத்தஞ்சு நாள் கழிச்சுக்கூட வரும். அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா ஏழு நாளைத் தாண்டறதும், ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல பேட் முழுசா நனையறதும், பெரிய கட்டியா போறதும் சகஜம் இல்லை. வெந்தயத்தை வெச்சுக் காத்திருக்காதீங்க. நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

ரத்தத்துல எத்தனை கிராம் இருக்குன்னு பார்க்கச் சொல்லுங்க. கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்க, உள்பக்கம் வெளுத்திருக்கா? மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா? டாக்டர்கிட்ட இன்னொண்ணும் மறக்காம சொல்லுங்க: அவளுக்குச் சின்ன வயசுல மூக்குல ரத்தம் வந்து நிக்காம இருந்திருக்கா, பல் பிடுங்கினப்போ ரொம்ப நேரம் கசிஞ்சிருக்கா, வீட்ல வேற பொம்பளைங்களுக்கு இப்படி இருந்திருக்கா. சில பிள்ளைங்களுக்கு ரத்தம் உறையறதுலயே பிறவியில குறை இருக்கும். பல சமயம் வயசுக்கு வந்தப்புறம்தான் அது வெளியே தெரியும். இப்பவே தலை சுத்தி விழுந்தாலோ, நிக்காம போனாலோ காலை வரைக்கும் பார்க்காம 108-ஐக் கூப்பிடுங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு தெரியலைன்னா 104-ல கேக்கலாம்.

டீச்சர், இந்த அம்மா கேட்டதுதான் உங்க ஆறாவது வரி. "சந்தேகம் இருந்தால் அணுகவும்"னா எந்தப் பிள்ளையும் வராது. தனக்கு இருக்கிறது சந்தேகம்னே அதுக்குத் தெரியாது, எல்லாருக்கும் இப்படித்தான் போகும்னு நினைச்சுக்கும். அளவு சொல்லணும்:

"ஏழு நாளுக்கு மேல் போகிறதா? ஒரு மணி நேரத்தில் பேட் நனைகிறதா? வீட்டில் சொல். நர்ஸ் அக்காவிடம் சொல். சரி பண்ணலாம்."

குடியாத்தம்_கவி

கேன்சர் வரியை வாபஸ் வாங்கிக்கிறேன். எங்கேயோ படிச்சதை அப்படியே எழுதிட்டேன். ஆனா துணி வரி? "துணியைத் துணிந்து காயவை" நல்லாத்தானே இருக்கு?

காட்பாடி_கல்லூரிக்காரி

காதுக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணா. ஆனா துணி காயப்போட எதுக்குத் துணிச்சல்? எங்க வீட்ல ஒரே கொடி. அப்பா, ரெண்டு அண்ணன் எல்லாரும் அந்தப் பக்கம்தான் போவாங்க. நான் என் துணியைப் பாவாடைக்கு அடியில மறைச்சுப் போடுவேன். சாயங்காலம் எடுத்தா பாதி ஈரம். அதையேதான் திரும்ப வெச்சுக்குவேன். சித்திரை வெயில்ல, பாலியஸ்டர் யூனிஃபார்ம்ல, அந்த ஈரத்துணியோட உக்காந்திருந்தா இடுக்குல எப்படி எரியும்னு எனக்குத் தெரியும். அப்போ எவளாவது "துணிந்து காயவை"ன்னு சொல்லியிருந்தா, எனக்குத் துணிச்சல் இல்லைபோலன்னு இன்னும் உள்ள தள்ளி மறைச்சிருப்பேன்.

பாலாற்று_நர்ஸம்மா

சரியா சொன்னே கண்ணு. ஈரம் காயாத துணியிலதான் பூஞ்சை பிடிக்கும், தோல்ல வட்ட வட்டமா படை வரும். வெயிலுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? மத்தியானம் ரெண்டு மணி நேரம் நேரா வெயில் பட்டா மொறமொறன்னு காய்ஞ்சிடும். மேலே இன்னொரு துணி மூடியிருந்தா அத்தனை வெயிலும் வீண். மறைக்கணும்னு தோணினா, மெல்லிசான பழைய துப்பட்டா ஒண்ணை மேலே லேசா விரிச்சுப் போடச் சொல்வேன், காத்தும் சூடும் உள்ளே போகும். முழு வழி இல்லை அது, ஆனா அண்ணன் தம்பி இருக்கிற வீட்ல பிள்ளை கேக்கும். மழைக்காலத்துல இஸ்திரி போட்டு எடுத்தா போதும்.

வரி இப்படி இருக்கட்டுமே: "துணி வைத்தாலும் நல்லதுதான். சோப்புப் போட்டு அலசு. மொறமொறவென்று காயட்டும்."

அணைக்கட்டு_டீச்சர்

"துணி வைத்தாலும் நல்லதுதான்"னு எழுதினா, இலவச நாப்கின் திட்டத்துக்கு எதிரா எழுதினதா ஆயிடாதா? யாராவது மேல இருந்து வந்து பார்த்தா என்னைத்தான் கேப்பாங்க.

பாலாற்று_நர்ஸம்மா

டீச்சர், கணக்குப் போட்டுப் பாருங்க. புதுயுகம் திட்டத்துல ரெண்டு மாசத்துக்கு மூணு பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. ஆக 18 பேட். ஒரு பிள்ளைக்கு அஞ்சு நாள் போகுதுன்னு வைங்க. முதல் மூணு நாள் நாளுக்கு நாலு, அடுத்த ரெண்டு நாள் நாளுக்கு ரெண்டு. ஒரு தடவைக்கே 16 ஆயிடுச்சு. ரெண்டு மாசத்துக்கு 32. கையில இருக்கிறது 18. மிச்சம் 14-க்கு பிள்ளை எங்கே போகும்? கடையில வாங்க முடிஞ்ச வீடு வாங்கும். முடியாத வீட்ல துணிதான், இல்லைன்னா இருக்கிற பேடையே இழுத்துப் பிடிச்சு நாள் முழுக்க வெச்சுக்கும். "நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று"ன்னு மட்டும் எழுதிட்டு துணியைப் பத்திச் சொல்லாம விட்டா, அந்தப் பிள்ளைக்கு அந்தச் சுவர் தினமும் ஒரு குத்து.

அந்த நாலு மணி நேரமும் எனக்கு உதைக்குது. பிள்ளை கையில கடிகாரம் கிடையாது. பள்ளிக்கூடத்துல நேரம்னா மணி அடிக்கிறதுதான். உங்க பள்ளியில மதியம் மணி எத்தனைக்கு?

அணைக்கட்டு_டீச்சர்

12:40. பிள்ளைங்க எட்டு மணிக்கு வீட்ல இருந்து கிளம்புவாங்க, சாயங்காலம் அஞ்சுக்குத்தான் வீடு போய்ச் சேருவாங்க. பஸ்ல வர்றவங்க அதிகம்.

பாலாற்று_நர்ஸம்மா

அப்போ பாருங்க, எட்டுல இருந்து 12:40-க்கு நாலே முக்கால் மணி நேரம் கிட்ட. அங்கேயிருந்து அஞ்சு மணிக்கும் அதே மாதிரி. நாலுல இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள மாத்தினா சரியே. வாட்ச் வேணாம், வகுப்புல கையைத் தூக்கி "மிஸ், வெளியே போகணும்"னு ஐம்பது பேர் முன்னாடி கேக்கவும் வேணாம்.

"காலையில் கிளம்பும்போது ஒன்று. மதிய மணி அடித்ததும் ஒன்று. வீட்டுக்குப் போனதும் ஒன்று. படுக்கும்போது ஒன்று."

அதிகமா போற முதல் ரெண்டு நாள் இன்டர்வல்லயும் மாத்திக்கலாம், அதை வகுப்புல வாயால சொல்லிடுங்க. சுவர்ல ஏத்த வேணாம்.

அரக்கோணம்_சித்தப்பா

நாப்கின் எரிக்கிற மிஷின் எங்க ஸ்கூலுக்கும் ஸ்பான்சர் பண்ணலாம்னு இருக்கோம். எந்த கம்பெனி நல்லது? வாட்ஸ் எவ்வளவு?

சுவர்எழுத்து_மணி

சித்தப்பா, இது எழுத்து பத்தின பேச்சு. மிஷினுக்கு வேற இடம் தேடுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், நான் போற ஸ்கூல்ல பாதிக்கு மேல அந்த மிஷின் பிளக்கு போடாம ஒட்டடை புடிச்சிக் கீது.

பாலாற்று_நர்ஸம்மா

மிஷின் ஓடலைன்னா மூடி போட்ட கூடையே மேல். காலால மிதிச்சுத் திறக்கிறது நல்லது. அறைக்கு ஒண்ணு, உள்ளேயே. வெளியே வாசல்ல கூடை வெச்சா, சுத்தின பொட்டலத்தைக் கையில எடுத்துக்கிட்டு நாலு பேர் பார்க்க வரணும், யாரும் வர மாட்டாங்க. பீங்கான்லயே போட்டுத் தண்ணி ஊத்திடுவாங்க. பேடுக்குள்ள இருக்கிற பொடி தண்ணி குடிச்சு இட்லி மாதிரி உப்பி, குழாயை அடைச்சுக்கும். அப்புறம் கையை விட்டு எடுக்கிறது அந்த ஆயாம்மாதான். "கழிவறையில் போடாதீர்"னா எங்கே போடணும்னு அதுல இல்லையே. கூடைக்கு நேரா மேலே: "பேப்பரில் சுற்று. இதில் போடு. மூடு." பக்கத்துல ஆணியில பழைய பேப்பரைக் கிழிச்சு மாட்டி வைங்க. பேப்பர் இல்லைன்னா அந்த வரியும் வேணாம்.

காட்பாடி_கல்லூரிக்காரி

ஒரு வரி விட்டுப் போச்சு. கறை. ஒன்பதாவதுல எனக்கு பெஞ்ச்லயே பட்டுச்சு. பிரேயர் வரைக்கும் பையைப் பின்னாடி தொங்கவிட்டு நடந்தேன். எல்லாரும் பார்த்தாங்க, ஒருத்தியும் சொல்லலை. கடைசியில வேற கிளாஸ் பொண்ணு ஒருத்தி "அக்கா, பின்னாடி பட்டிருக்கு, வாங்க"ன்னு சொல்லி, குழாயடி வரைக்கும் என் பின்னாலயே ஒட்டி நடந்து வந்தா. அவ பேரு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

வீட்டுக்குப் போய் அம்மா வெந்நீர்ல ஊறப் போட்டாங்க. கறை போகவே இல்லை.

பாலாற்று_நர்ஸம்மா

வெந்நீர் படவே கூடாது கண்ணு. முட்டை வேகற மாதிரி ரத்தம் நூலுக்குள்ள இறுகிக்கும். பச்சைத் தண்ணி, உடனே. அப்புறம் சோப்பு. காய்ஞ்சு போன கறைன்னா உப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் ஊற வெச்சுட்டுக் கசக்கணும்.

குடியாத்தம்_கவி

இதை நான் எழுதலாமா? எதுகை வேணாம், சத்தியமா.

"கறை பட்டதா? பச்சைத் தண்ணீர், சோப்பு. போய்விடும்.
தோழிக்குப் பட்டிருந்தால் காதோடு சொல். கூடவே நட."

காட்பாடி_கல்லூரிக்காரி

அண்ணா. இது அப்படியே இருக்கட்டும்.

தமிழ்_ஐயா_இல்லை

"கூடவே நட" நன்று. அதை வெளிச்சுவர்ல போடுங்க, பையன்களும் படிக்கட்டும். எட்டாம் வகுப்பு அறிவியல்ல பருவமடைதல் பாடமே இருக்கு, பையன்களும் படிக்கத்தானே செய்றாங்க.

காட்பாடி_கல்லூரிக்காரி

வெளிச்சுவர்ல வேணாம். எங்க ஸ்கூல்ல வெளியே ஒட்டின போஸ்டர்ல பையனுங்க கிறுக்கி, பேரு எழுதி வெச்சாங்க. அந்தப் பேருக்காரி ஒரு வாரம் ஸ்கூலுக்கே வரலை.

அணைக்கட்டு_டீச்சர்

எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது. பையன்களுக்கு நான் வகுப்புல நேர்ல பேசிட்டு, அப்புறமா வெளிச்சுவரைப் பத்தி யோசிக்கிறேன். இந்த சனிக்கிழமைக்கு உள்ளே மட்டும்.

இன்னொரு வரி நானே எழுதினேன், பாருங்க: "பேட் வேண்டுமா? அலமாரி திறந்திருக்கும். எடுத்துக்கொள்."

பாலாற்று_நர்ஸம்மா

எல்லாத்துலயும் இதுதான் நல்ல வரி. கேக்காமலே எடுத்துக்கலாம்னு சொல்றதுக்கு மேல மென்மையா என்ன சொல்ல முடியும். அலமாரி எங்கே இருக்கு?

அணைக்கட்டு_டீச்சர்

ஸ்டாஃப் ரூம்ல. சாவி பி.டி. சார்கிட்ட.

பாலாற்று_நர்ஸம்மா

அப்போ அந்த வரி பொய்.

அணைக்கட்டு_டீச்சர்

தெரியுது. நாளைக்கு எச்.எம்.கிட்ட பேசறேன். கணக்கு எழுதணும், தணிக்கை வரும், பிள்ளைங்க மொத்தமா அள்ளிட்டுப் போயிடுவாங்கன்னு ஆரம்பிப்பார்.

பாலாற்று_நர்ஸம்மா

மொத்தத்தையும் வெளியே வைக்க வேணாம். தினமும் காலையில பத்து பேட் மட்டும் கழிவறைக்குள்ள ஒரு டப்பாவுல போடுங்க. சாயங்காலம் எத்தனை குறைஞ்சுதுன்னு நோட்ல எழுதுங்க, பிள்ளை பேர் வேணாம், எண்ணிக்கை போதும். முதல் வாரம் அள்ளத்தான் செய்வாங்க. நாளைக்கும் இருக்கும்னு நம்பிக்கை வந்துட்டா அள்ள மாட்டாங்க. நான் ரெண்டு ஊர்ல பார்த்திருக்கேன். மூணாவது ஊர்ல டப்பாவையே காணோம், அதையும் சொல்லிடறேன்.

பேரணாம்பட்டு_அம்மா

நர்ஸம்மா, போயிட்டு வந்தோம். ரத்தம் 7.8 கிராம்தான் இருக்காம். டாக்டரம்மா திட்டலை. இரும்பு மாத்திரையும், போக்கு குறையறதுக்கு வேற மாத்திரையும் குடுத்தாங்க. நீங்க சொன்ன மாதிரி மூக்குல ரத்தம் வந்ததைச் சொன்னேன், உடனே நிமிர்ந்து பார்த்தாங்க. ரத்தம் உறையற டெஸ்ட்டு எழுதி இருக்காங்க, அடுத்த வாரம் வரச் சொன்னாங்க. லீவு கேட்டா கம்பெனியில சம்பளம் புடிப்பாங்க. பரவாயில்லை.

பாலாற்று_நர்ஸம்மா

நல்லது அம்மா. இரும்பு மாத்திரை போட்டா மலம் கறுப்பா போகும், அதைப் பார்த்து நிறுத்திடாதீங்க. டீயோட கொடுக்காதீங்க. டெஸ்ட்டை விட்டுடாதீங்க.

சுவர்எழுத்து_மணி

டீச்சர், ஸ்டிக்கர் கடையில நாளைக்கு மேட்டர் கொடுத்தாத்தான் சனிக்கிழமைக்கு வரும். கலரு சொல்லுங்க. பிங்க் வேணாம், அதுல வெள்ளை எழுத்து தூரத்துல இருந்து மங்கும், சுவர்ல வெயில் பட்டா முதல்ல அதுதான் வெளுக்கும். மஞ்சள்ல கறுப்பு நல்லா தெரியும்.

அணைக்கட்டு_டீச்சர்

மஞ்சள்னா இங்கே உடனே மஞ்சள் நீராட்டு விழாதான் ஞாபகம் வரும் அண்ணே. வெளிர்பச்சையில கறுப்பு போடுங்க. மேட்டர்:

முதல் கதவு: கர்ப்பப்பையின் உள்பூச்சு வரி, மேலே மாதவிடாய்னு தலைப்பு.
ரெண்டாவது: காலையில் ஒன்று, மதிய மணி அடித்ததும் ஒன்று.
மூணாவது: கறை வரி, கவி எழுதின மாதிரியே.
நாலாவது: ஏழு நாள் வரி.
கூடைக்கு மேலே: பேப்பரில் சுற்று.
துணி வரி கை கழுவற இடத்துல, கண்ணாடிக்குக் கீழே. எச்.எம். கேட்டா அந்த 18, 32 கணக்கைக் காட்டறேன்.

சுவர்எழுத்து_மணி

அது ஆறு. அலமாரி வரி?

அணைக்கட்டு_டீச்சர்

டப்பா வாங்கிட்டேன். எச்.எம். "பார்க்கலாம்"னு சொல்லியிருக்கார். அதுக்கு மட்டும் இடம் விட்டு வைங்க.

சுவர்எழுத்து_மணி

ஒன்பது இஞ்சுக்கு ஆறு இஞ்ச் வுட்டு வெக்கிறேன். பார்த்துட்டு போன் போடுங்க, அப்பால வந்து ஒட்டித் தரேன், அதுக்குக் காசு வேணாம்.